காது கேட்கிறது, பேச்சு புரியவில்லை: கூட்டத்தில் முதியவர்களின் காதுக்கு என்ன ஆகிறது?

கல்யாண மண்டபத்துப் பந்தி. எழுபது வயதுப் பெண் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மேஜைக்கு எதிர்ப்புறம் நின்றபடி தங்கை மகள் கேட்கிறாள்: "பெரியம்மா, தட்டு எடுத்தாச்சா?" அவர் நிதானமாகச் சொல்கிறார்: "போன மாசமே காஞ்சிபுரம் போய் எடுத்துட்டு வந்துட்டோமே." பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். கேட்டது சீர்வரிசைத் தட்டைப் பற்றி. அவர் காதில் விழுந்தது "பட்டு".

இதே பெரியம்மாவுக்கு வீட்டில் குக்கர் விசில் கேட்கிறது, வாசலில் யாராவது கூப்பிட்டால் கேட்கிறது, போனில் பேசினால் புரிகிறது. அதனால் வீட்டார் ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள்: "அவங்களுக்கு வேண்டியது மட்டும் கேக்கும்." வயதானவர்களைப் பற்றி இதைவிடத் தவறான தீர்ப்பு குறைவு. அமைதியான அறையில் ஒரு குரலைக் கேட்பதும் பத்துக் குரல்களுக்கு நடுவே ஒன்றைப் பிரித்தெடுப்பதும் வெவ்வேறு வேலைகள். வயதாகும்போது முதலில் பழுதாவது இரண்டாவது வேலை. காரணத்தைப் புரிந்துகொள்ள முதலில் பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பேச்சில் சத்தம் ஒரு பக்கம், அர்த்தம் ஒரு பக்கம்

ஒலியை இரண்டு வகையில் அளக்கிறோம். எவ்வளவு உரக்க என்பதற்கு டெசிபல். எவ்வளவு கீச்சு அல்லது கனம் என்பதற்கு ஹெர்ட்ஸ், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு. மிருதங்கத்தின் இடந்தலைப் பக்கம் சில நூறு ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். சாவிக்கொத்து கிலுகிலுப்பது பல ஆயிரம் ஹெர்ட்ஸில்.

பேச்சில் ஆ, ஓ, ஊ போன்ற உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. ஒருவர் பேசும்போது நமக்குக் கேட்கும் "சத்தம்" முக்கால்வாசி அதுதான். மெய்யொலிகளை, அதிலும் வல்லினத்தை, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களில் பெரும்பகுதி 2000 ஹெர்ட்ஸ் முதல் மேலே கிடக்கிறது. அவை மெலிதானவை, குறுகியவை. உதடு திறக்கும்போது வரும் ப-வின் வெடிப்பும் நாக்கு பல்லை விட்டு விலகும்போது வரும் த-வின் வெடிப்பும் ஒரு நொடியில் நூறில் சில பங்குக்குள் முடிந்துவிடுகின்றன. பட்டு, தட்டு, கட்டு, சட்டு என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். சத்தமாக ஒலிக்கும் பகுதி எல்லாவற்றிலும் ஒன்றே. அர்த்தத்தை மாற்றுவது அந்த முதல் நொடித்துளி.

தமிழில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. படம், பட்டம் என்ற இரண்டு சொற்களைச் சொல்லும்போது "ட்ட" வரும் இடத்தில் நாக்கு மேலே ஒட்டிக் கொஞ்ச நேரம் நிற்கிறது. அந்த நேரத்தில் ஒலியே இல்லை. எழுத்தில் புள்ளி வைத்த இடம் ஒலியில் ஒரு சின்ன மௌனம். "படம்" என்பதில் அந்த மௌனம் இல்லை, அல்லது கணநேரம்தான். மௌனத்தைக் கேட்டுத்தான் சொல்லைப் பிரிக்கிறோம் என்றால், அந்த மௌனத்தை மண்டபத்து எதிரொலி வந்து நிரப்பிவிடும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள். பிறகு இதற்கு வருவோம்.

நத்தைச்சுருளுக்குள் ஒரு பயணம்

செவிப்பறையைத் தாண்டி, மூன்று குட்டி எலும்புகளைத் தாண்டி உள்ளே போனால் காக்ளியா இருக்கிறது. நத்தைக்கூடு போல சுமார் இரண்டரை சுற்றுச் சுருண்ட குழாய். விரித்தால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் நீளம். உள்ளே திரவம், அதன் நடுவே நீளவாக்கில் ஒரு சவ்வு. ஒலி வந்ததும் சவ்வில் அலை ஓடுகிறது. கீச்சொலி வாசலருகிலேயே உச்சத்தைத் தொட்டு அடங்கிவிடும். கனமான ஒலி உள்நுனி வரை போகும். ஆக, ஒவ்வொரு சுருதிக்கும் சவ்வில் ஓர் இடம் உண்டு. வீணையில் மெட்டு கட்டியது மாதிரிதான்.

அந்தச் சவ்வின் மேல் மயிர்ச்செல்கள் இரண்டு வகையாக நிற்கின்றன. உள்வரிசையில் சுமார் 3500. மூளைக்குச் செய்தி அனுப்புபவை இவைதான். வெளிப்பக்கம் மூன்று வரிசைகளில் சுமார் 12,000. இந்த வெளிச்செல்கள் செய்யும் வேலை விசித்திரமானது. ஒலிக்கு ஏற்ப இவை தாமே நீண்டு சுருங்கி, சவ்வின் அசைவை அந்த இடத்தில் மட்டும் தள்ளிவிடுகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவது போல. இதனால் இரண்டு லாபம்: மெல்லிய ஒலி 40 முதல் 50 டெசிபல் வரை பெருகுகிறது, பக்கத்துச் சுருதிகள் ஒன்றோடொன்று குழம்பாமல் கூர்மையாகப் பிரிகின்றன. இந்தச் செல்கள் ஆடுவதால் காதே மெல்லிய ஒலியை வெளியே விடுகிறது என்று 1978-ல் டேவிட் கெம்ப் காட்டினார். இன்று பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனை செய்யும்போது பல இடங்களில் அளப்பது அந்த ஒலியைத்தான்.

மனிதக் காதில் ஒரு மயிர்ச்செல் செத்தால் அதன் இடத்தில் இன்னொன்று முளைப்பதில்லை. பிறக்கும்போது கிடைத்ததை வைத்துத்தான் கடைசிவரை ஓட்ட வேண்டும்.

தேய்வு மூன்று இடங்களில்

வயதுசார்ந்த செவித்திறன் குறைவு, மருத்துவர் பேச்சில் பிரெஸ்பிகூசிஸ், இரண்டு காதிலும் ஏறக்குறைய சமமாக, பல ஆண்டுகளில் மெதுவாக வருவது. காதுக்குள் பார்த்தால் அது ஒரே பழுது இல்லை. பொதுவாக மூன்றும் கலந்தே இருக்கும்.

1. வெளி மயிர்ச்செல்கள் இழப்பு. வாசல் பக்கத்துச் செல்கள், அதாவது கீச்சொலிக்கு உரியவை, முதலில் போகின்றன. அவை ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தாங்கும் சக்தி குறைந்தவை என்று விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. வயதோடு தறி, ஆலை, ஜெனரேட்டர் போன்ற ஆயுட்கால இரைச்சல், பரம்பரை, சர்க்கரை நோய், புகை, ஜென்டமைசின் மாதிரியான சில ஊசி மருந்துகள் எல்லாம் இதில் சேர்ந்துகொள்ளும். இங்கே இழப்பு சத்தத்தில் மட்டுமில்லை. சுருதிகளைப் பிரிக்கும் கூர்மையும் மழுங்குகிறது.

2. மின்சாரம் இறங்குவது. காக்ளியாவின் பக்கச் சுவரில் இருக்கும் ஒரு திசு, உள்ளே இருக்கும் திரவத்தை சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தில் வைத்திருக்கிறது. மயிர்ச்செல்களுக்கு அதுதான் பேட்டரி. வயதில் அந்தத் திசு சுருங்குகிறது. இன்வெர்ட்டர் பேட்டரி இறங்கினால் ஃபேன் சுற்றத்தான் செய்யும், காற்று வராது. அந்தக் கதை.

3. இணைப்பு அறுவது. உள்மயிர்ச்செல்லுக்கும் செவி நரம்பின் இழைகளுக்கும் நடுவே சினாப்ஸ் என்ற சந்திப்புகள் இருக்கின்றன. 2009-ல் ஷரோன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் எலிகளை இரண்டு மணி நேரம் 100 டெசிபல் இரைச்சலில் வைத்தார்கள். இரண்டு வாரத்தில் எலிகளின் கேட்கும் அளவு பழையபடி திரும்பியது, செல்களும் உயிரோடு இருந்தன. ஆனால் கீச்சொலிப் பகுதியில் சினாப்ஸ்களில் பாதிவரை காணாமல் போயிருந்தன. இரைச்சலே இல்லாமல் வயதாலும் இப்படி அறுகிறது என்று பிறகு தெரிந்தது. இறந்தவர்களின் காதெலும்பை ஆராய்ந்ததிலும் வயதோடு நரம்பிழைகள் குறைவது தெரிகிறது.

மூன்றாவதை "மறைந்த செவிக்குறைவு" என்கிறார்கள். அமைதியில் ஒரு பீப் ஒலியைக் கேட்க நாலைந்து நரம்பிழை வேலை செய்தாலே போதும். இரைச்சலுக்கு நடுவே பேச்சின் ஏற்ற இறக்கத்தைத் துல்லியமாக அனுப்ப நிறைய இழைகள் வேண்டும். சில விலங்குச் சோதனைகளில் முதலில் அறுந்துபோனவையும், பின்னணி இரைச்சல் இருக்கும்போது கைகொடுக்கும் வகை இழைகள்தான். உயிரோடிருக்கும் மனிதரில் இதை நேரடியாக அளக்கும் வழி இன்னும் உறுதியாகவில்லை. கூட்டத்தில் புரியாமைக்கு இதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை ஓயவில்லை. முதல் காரணமே பெரும்பாலானோருக்குப் போதுமான விளக்கம் என்றுதான் எனக்குப் படுகிறது.

வெளிச்செல்கள் போவதில் வீட்டுச் சண்டை ஒன்றும் ஒளிந்திருக்கிறது. "கொஞ்சம் சத்தமாப் பேசு" என்பார் தாத்தா. பேரன் சத்தத்தைக் கூட்டினால், "ஏன்டா இப்படிக் கத்துறே?" என்பார். இரண்டும் உண்மை. வெளிச்செல்கள் பெருக்கித் தருவது மெல்லிய ஒலியைத்தான். உரத்த ஒலிக்கு அவற்றின் உதவி யாருக்குமே தேவைப்படுவதில்லை. எனவே அவை போனபின் மெல்லியது கேட்காது, உரத்தது முன்போலவே உரக்கக் கேட்கும். நடுவே இருக்கும் இடைவெளி சுருங்கிவிட்டது.

மண்டபத்துக் கணக்கு

இனி பந்திக்குத் திரும்பலாம். இரைச்சலில் ஒரு பேச்சு புரியுமா என்பதை முடிவுசெய்வது அதன் சத்தம் மட்டும் அல்ல. பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசம். பேச்சு 70 டெசிபல், இரைச்சல் 65 என்றால் வித்தியாசம் +5. பேச்சு 70, இரைச்சல் 75 என்றால் −5.

சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தள்ளி ஏறக்குறைய 60 முதல் 65 டெசிபல். மண்டபத்தில் இரைச்சல் 75 என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் சத்தம் கூடினால் நாமும் தெரியாமலே குரலை உயர்த்துவோம். தங்கை மகளின் குரல் 72-ஐத் தொடுகிறது. வித்தியாசம் −3. காது நல்ல நிலையில் உள்ள இளைஞருக்கு இது ஒப்பேற்றக்கூடிய அளவு. பெரியம்மாவுக்கோ அதே அளவு புரிய வித்தியாசம் +3 இருக்க வேண்டும் என்று கொள்வோம். அவரிடம் குறைவது 6 டெசிபல். ஒவ்வொரு டெசிபலுக்கும் வாக்கியத்தில் பிடிபடும் சொற்கள் ஏறக்குறைய பத்து சதவீதம் மாறக்கூடிய எல்லை அது. ஆறு டெசிபலில் உரையாடலே கை நழுவிவிடும்.

எதனால் அவருக்கு அந்த ஆறு கூடுதலாகத் தேவைப்படுகிறது? கூர்மை மழுங்கியதால் பக்கத்து மேஜைக்காரரின் குரலும் தங்கை மகளின் குரலும் சவ்வில் ஒரே இடத்தில் போய்க் குவிகின்றன. கனமான இரைச்சல் மேல் சுருதிகளையும் மூடுகிறது. அப்புறம் இடைவெளிகள். கூட்டத்து இரைச்சல் ஒரே சீராக இருப்பதில்லை. நடுநடுவே கணநேரம் தாழும். இளம் காது அந்தச் சந்துகளில் எட்டிப்பார்த்து ஓரிரண்டு அசைகளைப் பொறுக்கிவிடும். வயதான காது அந்தச் சந்தை நழுவவிடுகிறது.

மண்டபமும் தன் பங்கைச் செய்கிறது. டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், உயரமான கூரை. திரைச்சீலை என்று எதுவும் இல்லை. ஒரு சொல் சொன்னால் அதன் வால் நீண்டுகொண்டே போகும். முன்பு சொன்ன "ட்ட"வின் மௌனத்தில் அந்த வால் போய் உட்கார்ந்துகொள்கிறது. பட்டம், படம் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கத் தொடங்கும்.

மூளை செய்யும் கைவேலை

1953-ல் காலின் செர்ரி ஒரு சோதனை செய்தார். ஒரே ஆளின் குரலில் இரண்டு வெவ்வேறு பேச்சுகளைக் கலந்து இரு காதிலும் கேட்கவைத்தார். பிரித்தெடுக்கத் திணறினார்கள், திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. ஒரு பேச்சை ஒரு காதிலும் மற்றதை இன்னொரு காதிலும் கொடுத்ததும் சுலபமாகிவிட்டது. ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பிரிப்பது எளிது.

மூளை அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்தும், அளவு வித்தியாசத்தை வைத்தும்தான். நேர வித்தியாசம் அதிகபட்சமே ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நரம்பிழைகள் குறைந்து, அவற்றின் தாளக்கட்டு தளர்ந்தால் இந்தக் கணக்கு முதலில் தப்புகிறது. தேவையில்லாத குரலை ஒதுக்கித்தள்ளும் மூளையின் திறனும் வயதில் குறைகிறது.

இதை ஈடுகட்ட முதியவர்களிடம் ஒரு சொத்து இருக்கிறது: சொல்வளமும் அனுபவமும். பாதி கேட்டாலே மீதியைச் சந்தர்ப்பத்தை வைத்து நிரப்பிவிடுவார்கள், பல நேரம் இளைஞர்களைவிடத் திறமையாக. பெரியம்மா செய்ததும் அதுதான். "...ட்டு எடுத்தாச்சா" என்று காதில் விழுந்தது. கல்யாண வீட்டில் எடுப்பது பட்டுதானே? ஊகம் நியாயமானதே. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்படி நிரப்புவது உழைப்பு. ஒரு மணி நேரத்தில் அசதி வந்து, தலையாட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். "முன்ன மாதிரி கலகலப்பா இல்ல" என்று நாம் சொல்கிறோம்.

ரிப்போர்ட்டில் ஏன் "நார்மல்" என்று வருகிறது?

வழக்கமான பரிசோதனையில் சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய பீப் வரை கேட்கிறது என்று குறிக்கிறார்கள். அந்த வரைபடம்தான் ஆடியோகிராம். எண் கூடினால் குறை கூடுகிறது. பெரியம்மாவின் ஆடியோகிராம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 500 ஹெர்ட்ஸில் 15 டெசிபல், 1000-ல் 20, 2000-ல் 35, 4000-ல் 55, 8000-ல் 70. வயதுக்குறைவின் அச்சு அசல் கோடு இது, வலப்பக்கம் போகப்போகச் சரிவது.

முதல் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் சுமார் 23. பழைய அளவுகோலில் 25 வரை இயல்பு. ஆக, "நார்மல்". 4000-ஐயும் சேர்த்து நான்கால் வகுத்தால் 31. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தந்த வகைப்பாட்டில் 20-லிருந்து 35-க்குள் இருந்தால் லேசான குறைவு. ஒரே காது, ஒரே தாள், இரண்டு தீர்ப்பு. வல்லினம் வசிக்கும் இடத்தில் 55 இருக்கிறது என்பது சராசரியில் கரைந்துபோகிறது. எனவே ரிப்போர்ட் வாங்கியதும் சராசரியை விட்டுவிட்டு 2000, 4000 இரண்டையும் பாருங்கள்.

பீப் ஒலி எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் இரைச்சலில் பேச்சு புரிவதை அது அளக்காது. அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு: பலர் பேசும் பின்னணியில் வாக்கியங்களைப் போட்டு, இரைச்சலைப் படிப்படியாகக் கூட்டி, எத்தனை சொல்லைத் திருப்பிச் சொல்கிறார் என்று எண்ணுவது. எல்லா இடத்திலும் தாமாகச் செய்வதில்லை, கேட்டுப் பெற வேண்டும். தாய்மொழி வாக்கியங்களில் செய்தால்தான் அதற்கு மதிப்பு.

எல்லாவற்றையும் வயதின் தலையில் போட்டுவிடவும் கூடாது. காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு காது மட்டும் மங்கினால், அல்லது தலைசுற்றலோ சீழோ சேர்ந்து வந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். ஓரிரு நாளில் திடீரென்று கேட்காமல் போவது அவசரம். ஸ்டீராய்டு சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்குக் காதைக் காப்பாற்றும் வாய்ப்பு.

கருவி எதைத் தரும், எதைத் தராது

கண்ணாடி மாட்டியதும் எழுத்து தெளிவதுபோல காதுக்கருவி மாட்டியதும் பேச்சு தெளியும் என்று எதிர்பார்த்துத்தான் பலர் வாங்கி, ஏமாந்து, பீரோவில் வைத்துவிடுகிறார்கள். கருவி கேட்காத கீச்சொலிகளைக் கேட்கும் அளவுக்கு உயர்த்தும். வீட்டிலும் டிவி முன்னாலும் அது பெரிய மாற்றம். மழுங்கிய கூர்மையை அதனால் திருப்பித்தர முடியாது. பக்கத்து மேஜைப் பேச்சையும் அது சேர்த்தே உயர்த்தும். முன்பக்கம் வரும் ஒலிக்கு முன்னுரிமை தரும் மைக்ரோபோன்கள் நல்ல கருவிகளில் உண்டு. எதிரொலி மிகுந்த இடத்தில் அவற்றால் கிடைப்பது சில டெசிபல்தான்.

தூரத்தைக் குறைப்பது இதைவிடப் பலன் தரும். பேசுபவருக்கும் காதுக்கும் நடுவேயுள்ள தூரம் பாதியானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் கூடுகிறது. பெரியம்மாவிடம் குறைந்ததும் அந்த ஆறுதானே? ஒரு மீட்டர் தள்ளி நின்ற தங்கை மகள் அரை மீட்டருக்கு வந்தாலே கணக்கு நேராகிவிடும். பேசுபவர் சட்டையில் செருகிக்கொள்ளும் சின்ன வயர்லெஸ் மைக் ஒன்றைக் கருவியோடு இணைத்தால் தூரம் இன்னும் சுருங்குகிறது. வாயிலிருந்து 12 சென்டிமீட்டரில் மைக் இருந்தால் ஒரு மீட்டரை மூன்று முறை பாதியாக்கியதாகிறது, அதாவது சுமார் 18 டெசிபல். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் தனியாக இதைத் தராது.

மைக் இல்லாத வீட்டில் இடம் மாறி உட்காரலாம். ஸ்பீக்கர் பாக்ஸை விட்டுத் தள்ளி, முதுகுக்குப் பின்னால் சுவரோ மூலையோ இருக்கும்படி உட்கார்ந்தால் பின்னாலிருந்து வரும் பேச்சு குறையும். பேசுபவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். ப, ம சொல்லும்போது உதடு மூடுவது கண்ணுக்குத் தெரியும். த, க சொல்லும்போது மூடாது. தங்கை மகளின் உதட்டைப் பார்த்திருந்தால் பெரியம்மாவுக்கு அது "பட்டு" இல்லை என்று தெரிந்திருக்கும்.

அவளும் "தட்டு, தட்டு" என்று கத்திக்கொண்டே இருந்தால் கூடுவது உயிரொலியின் சத்தம் மட்டுமே. த் இருந்த இடத்திலேயே இருக்கும். "சீர்வரிசைத் தட்டு, பெரியம்மா, பழம் வைக்கிறது" என்று பக்கத்தில் வந்து சொன்னால், முதல் எழுத்து கேட்காவிட்டாலும் மீதியை அவரே நிரப்பிக்கொள்வார்.